காமாலையே வராதவருக்கு எதற்குக் கல்லீரல் சோதனை? – மருத்துவ முகாமில் ஆற்றிய உரை

(ஞாயிற்றுக்கிழமை நமது நகரில் நடந்த கல்லீரல் நல முகாமில், இங்கேயே பல ஆண்டுகளாகப் பொதுமருத்துவம் பார்த்துவரும் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காகப் பதிவிடுகிறோம். வீட்டில் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.)

பந்தலுக்கு வெளியே வெயிலில் நிற்கும் அண்ணன்மார்கள் கொஞ்சம் உள்ளே வந்துவிடுங்கள். முன்வரிசையில் இடம் இருக்கிறது.

காலையில் பதிவு மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு ஆட்டோ ஓட்டுநர் அண்ணன் வந்தார். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "டாக்டர், எனக்கு இதுவரைக்கும் மஞ்சக்காமாலையே வந்ததில்லை. குடிப்பழக்கமும் இல்லை. அப்புறம் எனக்கு எதுக்குக் கல்லீரல் டெஸ்ட்?"

நியாயமான கேள்விதான். இந்த உரையில் நான் சொல்லப்போவது அத்தனையும் அந்த ஒரு கேள்விக்கான பதில். நம் மனசில் கல்லீரல் நோய் என்றால் கண் மஞ்சளாக வேண்டும், இல்லையென்றால் ஆள் குடிகாரராக இருக்க வேண்டும். ஆனால் கல்லீரலை மெதுவாகச் சுருங்க வைக்கிற நோய்களில் பாதி, கண்ணை மஞ்சளாக்காமலேயே இருபது வருடம் உள்ளே இருக்கும். கல்லீரலின் உள்ளே வலியை உணரும் நரம்புகள் கிடையாது. பல்வலி மாதிரி அது கூப்பிட்டுச் சொல்லாது. முக்கால்வாசி வேலை செய்யாமல் போனாலும் மீதியை வைத்து வண்டியை ஓட்டிவிடும். அதனால்தான் நாமாகப் போய்த் தட்டிக் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் தெரிகிற காமாலையைப் பற்றிச் சொல்கிறேன். அப்புறம் தெரியாததற்குப் போகலாம்.

கண் மஞ்சளாகி, சிறுநீர் எண்ணெய் மாதிரி அடர்ந்து, சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறதே, அந்தக் காமாலை நம் ஊரில் பெரும்பாலும் தண்ணீரில் வருவது. ஹெபடைட்டிஸ் ஏ, ஹெபடைட்டிஸ் இ என்று இரண்டு வைரஸ்கள். ஒருவருடைய மலத்தில் வெளியேறும் கிருமி இன்னொருவருடைய குடிநீரில் போய்ச் சேர்கிறது. "நாங்க நல்ல தண்ணிதானே பிடிக்கிறோம்"னு கேட்பீர்கள். பாருங்கள், நம் தெருக்குழாயில் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வருவதில்லை. தண்ணீர் நிற்கிற நேரத்தில் குழாய் காலியாக இருக்கும். பக்கத்தில் சாக்கடை ஓடுகிறது. குழாயில் ஒரு சின்ன விரிசல் இருந்தால் போதும், சாக்கடை நீர் உள்ளே கசிந்துவிடும். அதற்கு மேல், குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்களே, அப்போது அந்த விரிசல் வழியாகச் சாக்கடையையும் சேர்த்துத்தான் இழுக்கிறோம். நம் வீட்டு மோட்டார் இழுத்தது பக்கத்து வீட்டுக் குடத்துக்கும் போகும்.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. கிருமி உடம்புக்குள் போன அன்றே காமாலை வராது. சராசரியாக ஒரு மாதம் ஆகும். சில சமயம் ஐம்பது நாள்கூட ஆகும். அதனால்தான் முந்தாநாள் சாப்பிட்ட கல்யாணச் சாப்பாட்டின் மேல் பழி போடுகிறோம். உண்மையான காரணம் போன மாதம் குழாய் உடைந்து தண்ணீர் கலங்கலாக வந்த அந்த மூன்று நாள். ஒரே தெருவில் இரண்டு மூன்று வீட்டில் காமாலை என்றால், "போன மாசம் தண்ணி எப்படி வந்துச்சு?" என்று யோசியுங்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் நகராட்சிக்கும் சொல்லுங்கள். ஒரு வீட்டின் நோயாக அதை மறைக்கக் கூடாது, அது தெருவின் நோய்.

செய்ய வேண்டியது எளிது. குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிவிட்டு, அதன்பிறகு ஒரு நிமிடமாவது கொதிக்க விடுங்கள். ஆவி வந்ததும் இறக்கினால் போதாது. மெழுகுவத்தி மாதிரி இருக்கும் கேண்டில் ஃபில்டர் மண்ணையும் தூசியையும் பிடிக்கும், வைரஸைப் பிடிக்காது. ஆறிய தண்ணீரை மூடிய பாத்திரத்தில், குழாய் வைத்த பானையில் ஊற்றி வையுங்கள். கையோடு சொம்பை உள்ளே விட்டால் கொதிக்க வைத்தது வீண். மேல்நிலைத் தொட்டிக்குக் குளோரின் போடுகிறார்கள் என்றால், அதன் அளவு தொட்டியில் முக்கியமில்லை, கடைசி வீட்டுக் குழாயில்தான் முக்கியம். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மீதி இருக்க வேண்டும். காமாலை பரவும் நேரத்தில் 0.5 இருக்க வேண்டும். ஒரு சின்னக் குழாயில் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும், அதை வைத்து ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். "எங்க தெருக் கடைசி வீட்டுல வந்து பாருங்க"ன்னு கேட்பது உங்கள் உரிமை.

இப்போது கீழாநெல்லிக்கு வருவோம். நம் எல்லோர் வீட்டிலும் காமாலை என்றால் கீழாநெல்லிதான். நானும் சின்ன வயதில் மோரில் அரைத்துக் குடித்தவன்தான். அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. இதே சென்னையில் பேராசிரியர் தியாகராஜன் குழுவினர் ஹெபடைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்து, 1988-ல் லான்செட் என்ற உலகப் புகழ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய ப்ளூம்பெர்க்கும் அந்தக் கட்டுரையில் ஒருவர். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் இல்லாமல் போனது என்று அதில் இருந்தது. உலகமே நிமிர்ந்து பார்த்தது. ஆனால் அதற்குப் பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் வரவில்லை. அறிவியலில் ஒரு தடவை வந்தால் போதாது, திரும்பவும் வர வேண்டும்.

அப்படியானால் கீழாநெல்லி குடித்தவர்கள் குணமானது எப்படி? தண்ணீரில் வரும் காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே போய்விடும். மருந்து குடித்தாலும் போகும், மந்திரித்தாலும் போகும், சும்மா இருந்தாலும் போகும். பெயர் கடைசியில் யார் கையில் வாங்கினோமோ அவருக்குப் போகிறது. ஆபத்து எங்கே என்றால், தானாகப் போகாத சிலரும் அதே வரிசையில் நின்று நாளைக் கடத்துவதில்தான். காமாலை வந்தவர் குழப்பமாகப் பேசினாலோ, பகலில் தூங்கி ராத்திரி விழித்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வந்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. கர்ப்பிணி என்றால் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். ஹெபடைட்டிஸ் இ கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் நாலைந்து பேரில் ஒருவர்வரை உயிர் இழக்க நேரலாம். கண் லேசாக மஞ்சளானாலும் கிளம்பிவிட வேண்டும்.

இது தெரிகிற காமாலை. இனி தெரியாதது.

ஹெபடைட்டிஸ் பி. இது தண்ணீரில் வராது. ரத்தத்தில் வரும், உடலுறவில் வரும், தாயிடமிருந்து பிறக்கும்போதே குழந்தைக்கு வரும். இதில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய ஒரே ஒரு விஷயம், எந்த வயதில் வந்தது என்பதுதான். வளர்ந்த ஆளுக்கு இந்தக் கிருமி வந்தால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடம்பே அதை விரட்டிவிடும். பிறக்கும்போது குழந்தைக்கு வந்தால் நேர் தலைகீழ். நூற்றில் தொண்ணூறு குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். குழந்தையின் உடம்பு அதை எதிரி என்றே அடையாளம் காணாது. சண்டை இல்லை, அதனால் காமாலை இல்லை. அந்தக் குழந்தை வளரும், படிக்கும், கல்யாணம் செய்யும். முப்பது நாற்பது வயதில் ஒரு நாள் வயிறு வீங்கி, கால் வீங்கி வந்து நிற்கும்போது கல்லீரல் சுருங்கியிருக்கும், அல்லது அதில் கட்டி வந்திருக்கும்.

என்னிடம் வந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இருபத்தாறு வயதுப் பெண், ஐந்தாவது மாதம். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. அந்தப் பெண் அழுதுகொண்டே வந்தார். கூட வந்த மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். "இவ எங்கேருந்து வாங்கிட்டு வந்தாளோ"ன்னு ஒரு வார்த்தை விழுந்தது.

நான் மாமியாரை உட்கார வைத்து, பெண்ணின் அம்மாவை அழைத்துவரச் சொன்னேன். ஐம்பத்தோரு வயது. அவருக்கும் பாசிட்டிவ். அந்த அம்மாவுக்கு இதுவரை காமாலை வந்ததே இல்லை. பிள்ளைகள் பிறந்த காலத்தில் இந்தத் தடுப்பூசி அரசுத் திட்டத்தில் இல்லை. பெற்றபோதே மகளுக்குப் போயிருக்கிறது. யார் மேலும் தப்பில்லை. அடுத்து அண்ணனைக் கூப்பிட்டோம். முப்பத்துநாலு வயது, லோடுமேன் வேலை, கல் மாதிரி உடம்பு. "எனக்கெல்லாம் ஒண்ணும் இருக்காது டாக்டர்" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். அவருக்கும் பாசிட்டிவ். அதோடு ஸ்கேனில் கல்லீரல் கரடுமுரடாகிச் சுருங்க ஆரம்பித்திருந்தது. அன்று தொடங்கிய மாத்திரை, தினம் ஒன்று, இன்றைக்கும் சாப்பிடுகிறார், வேலைக்கும் போகிறார். தங்கை கர்ப்பமாகியிருக்காவிட்டால் அவருக்கு எப்போது தெரிந்திருக்கும்?

அந்தப் பெண்ணின் ரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கை மிக அதிகமாக இருந்ததால் ஏழாவது மாதத்திலிருந்து மாத்திரை கொடுத்தோம். குழந்தை பிறந்த அன்றே, பன்னிரண்டு மணி நேரத்துக்குள், இரண்டு தொடையிலும் இரண்டு ஊசி. ஒன்று ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. இன்னொன்று இம்யூனோகுளோபுலின், அதாவது தயாராகச் செய்த எதிர்ப்புச் சக்தி. பிறகு வழக்கமான 6, 10, 14-வது வாரத் தடுப்பூசிகள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுத்தார். ஒரு வயதில் குழந்தையின் ரத்தத்தைப் பார்த்தோம். கிருமி இல்லை. மூன்று தலைமுறையாக வந்துகொண்டிருந்த ஒரு சங்கிலி, பிறந்த அன்று போட்ட இரண்டு ஊசியில் அறுந்தது. ரிசல்ட்டைப் பார்த்து முதலில் அழுதவர் அந்த மாமியார்தான்.

தாய்மார்களே, இதிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தாய்க்குக் கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு அந்த முதல் ஊசி போட வேண்டும். "குழந்தை அலுப்பா இருக்கு, வீட்டுக்குப் போய்ட்டு அப்புறம் போட்டுக்கலாம்" என்று டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள். ஆறாவது வாரம் போடும் ஊசி அதற்கு ஈடாகாது. தடுப்பூசி அட்டையில் 'பிறந்தவுடன்' என்ற கட்டத்தில் தேதி விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

பெரியவர்களுக்கு? அந்த மேசையில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். இருபது நிமிடத்தில் முடிவு. கிருமி இல்லை, தடுப்பூசியும் போட்டதில்லை என்றால், இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று. மூன்றையும் முடிக்க வேண்டும். நம்மில் பாதிப் பேர் இரண்டோடு நிறுத்திவிடுகிறோம். கிருமி இருக்கிறது என்று வந்தால் பதற வேண்டாம். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. ஆனால் எல்லோரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஹெபடைட்டிஸ் சி என்று இன்னொன்று இருக்கிறது. அதற்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாத மாத்திரையில் முழுதாகக் குணமாகிவிடும். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இரண்டுக்குமான சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பாசிட்டிவ் வந்தவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்காதீர்கள். ஒரே தட்டில் சாப்பிட்டால் இது ஒட்டாது. கட்டிப்பிடித்தால் ஒட்டாது. பிரிக்க வேண்டியது ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி ஆகிய மூன்றும்தான். இந்தக் கிருமி உடம்புக்கு வெளியே உலர்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். அதனால் சலூனில் புது பிளேடை உங்கள் கண் முன்னால் உடைத்துப் போடச் சொல்லுங்கள். திருவிழாவில் ஒரே ஊசியில் வரிசையாகப் பச்சை குத்துகிறார்களே, அங்கே கையை நீட்டாதீர்கள். கணவன் மனைவியில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர் தடுப்பூசி முடிக்கும்வரை ஆணுறை. மாத்திரையில் போகிற காய்ச்சலுக்கு "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்"னு கேட்காதீர்கள். தேவையில்லாத ஊசி என்பது தேவையில்லாத வாசல்.

இப்போது ஆட்டோ அண்ணனின் இரண்டாவது பாதிக் கேள்விக்கு வருகிறேன். "குடிப்பழக்கமே இல்லையே, எனக்கு எப்படிக் கல்லீரல் கெடும்?"

இதே கேள்வியை என்னிடம் ஒரு டீக்கடைக்காரர் கேட்டார். நாற்பத்தாறு வயது. பீடி கிடையாது, சாராயம் கிடையாது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்ததில் 'ஃபேட்டி லிவர்' என்று எழுதியிருந்தது. அவர் வீட்டுக்காரம்மா அன்றைக்கே சமையலில் எண்ணெயை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் தாளிக்காத குழம்பு சாப்பிட்டிருக்கிறார் பாவம். எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை? கல்லீரலில் சேரும் கொழுப்பு என்பது நாம் சாப்பிட்ட எண்ணெய் அப்படியே போய் ஒட்டிக்கொள்வது அல்ல. செலவாகாமல் மிஞ்சிய சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கல்லீரலே கொழுப்பாக மாற்றுகிறது. வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பும் கரைந்து கல்லீரலுக்கே வந்து சேர்கிறது. அதனால் அவரிடம் கேட்டேன், "அண்ணே, ஒரு நாளைக்கு எத்தனை டீ?" கடைக்காரர் அல்லவா, வருகிறவர்களோடு சேர்ந்து எட்டு டீ. டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அதாவது பத்து கிராம். எட்டு டீயில் எண்பது கிராம். ஒரு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. டீயில் மட்டும். இதற்கு மேல் ராத்திரி கடையை அடைத்துவிட்டு பத்தரை மணிக்கு நாலு பரோட்டா, சாப்பிட்டதும் படுக்கை.

அவரை அளந்தோம். உயரம் 168 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. இடுப்பளவு என்ன என்று கேட்டால் "முப்பத்தாறு, பேண்ட் சைஸ்" என்றார். நம் ஆண்கள் பேண்டையும் வேட்டியையும் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறோம். அது இடுப்பளவு இல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். அப்படி அளந்தால் 101 சென்டிமீட்டர், நாற்பது அங்குலம். நம் உடம்புக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் வரைதான். தையல்காரரின் டேப் ஒன்று வீட்டில் இருந்தால் போதும், இந்தச் சோதனைக்குக் காசே வேண்டாம். ஒல்லியான கை கால், வயிறு மட்டும் முன்னால் என்று இருப்பவர்களும் அளந்து பாருங்கள், அவர்களுக்கும் இது வரும்.

அடுத்து அவருடைய பயம். ஸ்கேனில் 'கிரேடு 2' என்று எழுதியிருந்தது. "அடுத்தது மூணு, அப்புறம் செத்துருவேனா?" என்றார். ஸ்கேனில் எழுதும் கிரேடு, கொழுப்பு எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. ஆபத்து கொழுப்பில் இல்லை, தழும்பில் இருக்கிறது. புண் ஆறிய இடத்தில் தோல் தடிக்கிற மாதிரி, கல்லீரலில் தழும்பு ஏறிக்கொண்டே போனால்தான் சுருக்கம். கிரேடு 1 போட்டவருக்குத் தழும்பு இருக்கலாம், கிரேடு 3 போட்டவருக்கு இல்லாமலும் இருக்கலாம். சாதாரண ஸ்கேன் அதைச் சொல்லாது.

அதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது, ஃபிப்-4 என்று பெயர். வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, தட்டணுக்கள் என்ற நான்கு எண் போதும். நம் ஊர் லேபிலேயே கிடைக்கும். அவருக்கு எஸ்ஜிஓடி 58, எஸ்ஜிபிடி 64, தட்டணுக்கள் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். வயதையும் எஸ்ஜிஓடியையும் பெருக்கினோம், 2668. தட்டணுவை ஆயிரக் கணக்கில் 190 என்று எடுத்து, எஸ்ஜிபிடி 64-ன் வர்க்கமூலமான 8-ஆல் பெருக்கினோம், 1520. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கிட்டத்தட்ட 1.76. இந்த எண் 1.3-க்குக் கீழே என்றால் தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 2.67-க்கு மேலே என்றால் கல்லீரல் மருத்துவரிடம் போயாக வேண்டும். இவர் நடுவில் இருந்தார். நடுவில் இருப்பவர்களுக்கு ஃபைப்ரோஸ்கேன் என்ற சோதனை, கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று வலியில்லாமல் அளந்து சொல்லும். இவருக்கு 7.4 வந்தது. 8-க்குக் கீழே நல்ல செய்தி. தழும்பு பெரிதாக ஏறும் முன்பே பிடித்துவிட்டோம். ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்தக் கணக்கு முப்பத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சரியாகப் பொருந்தாது, அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு நல்ல கல்லீரலையும் மோசம் என்று காட்டிவிடும். அவர்கள் தாங்களாகக் கணக்குப் போட்டுப் பயப்பட வேண்டாம்.

மருந்து என்ன கொடுத்தேன்? லிவர் டானிக் கேட்டார், கொடுக்கவில்லை. அது கொழுப்பைக் கரைக்காது. எடையில் ஐந்து சதவீதம் குறைந்தால் கொழுப்பு குறைய ஆரம்பிக்கும். ஏழு முதல் பத்து சதவீதம் குறைந்தால் வீக்கம் அடங்கும், பத்தைத் தொட்டால் ஏறிய தழும்புகூடப் பின்வாங்கலாம். 84 கிலோவுக்கு ஏழு சதவீதம் என்றால் ஆறு கிலோ. "ஆறு மாசத்துல ஆறு கிலோ, அவ்வளவுதாண்ணே" என்றேன். பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் பத்து கிலோ குறைத்தால் கல்லீரல் இன்னும் மோசமாகும்.

மாற்றியது மூன்றே விஷயம். எட்டு டீ மூன்றானது, அதிலும் சர்க்கரை இல்லை. முதல் பத்து நாள் கஷாயம் மாதிரி இருக்கிறது என்று திட்டினார், அப்புறம் பழகிவிட்டது. சர்க்கரைக்குப் பதில் வெல்லமோ கருப்பட்டியோ போட்டால் ஆகுமா என்றார், கல்லீரலுக்கு எல்லாம் ஒன்றுதான் என்றேன். இரண்டாவது, ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள். பரோட்டாவுக்குப் பதில் இரண்டு தோசையும் ஒரு கிண்ணம் சுண்டலும், வீட்டிலிருந்து கடைக்கே வந்துவிடும். மதியம் சோறு பாதி, காய் இரண்டு பங்கு. தாளிப்புத் திரும்ப வந்தது. மூன்றாவது, காலையில் கடை திறக்கும் முன் நாற்பது நிமிடம் வேக நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம்.

இரண்டாவது மாதம் எடை நின்றுவிட்டது. என்ன என்று பார்த்தால், டீயை விட்டவர் கடையில் உட்கார்ந்துகொண்டு வடையையும் பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டிருந்தார். அதையும் சரிசெய்தோம். ஆறாவது மாதம் 77.5 கிலோ. இடுப்பு 94. இன்னும் 90-க்கு வரவில்லை. எஸ்ஜிபிடி 64-லிருந்து 31. எல்லைக்கோட்டில் இருந்த ரத்தச் சர்க்கரையும் இறங்கியது. மாத்திரை ஒன்றுகூட இல்லை.

இன்னொன்று, குடிப்பழக்கம் உள்ள அண்ணன்மார்கள் நான் திட்டவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஹெபடைட்டிஸ் பி, சி, ஃபேட்டி லிவர் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று உள்ளவருக்கு மதுவில் 'கொஞ்சம்' என்ற அளவு கிடையாது. இரண்டும் சேர்ந்தால் இருபது வருடத்தில் நடப்பது பத்து வருடத்தில் நடந்துவிடும். ஏற்கெனவே தினமும் அதிகமாகக் குடிப்பவர் மட்டும் வீட்டிலேயே திடீரென நிறுத்திக் கை நடுங்கி, வலிப்பு வரும்வரை போகாதீர்கள். மருத்துவரைப் பார்த்து நிறுத்துங்கள்.

பேச்சு முடிந்தது. இனி மேசைகள். முதல் மேசையில் டேப் இருக்கிறது, இடுப்பை அளந்துகொள்ளுங்கள். இரண்டாவதில் விரல் நுனி ரத்தம், பி-யும் சி-யும். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 தாண்டியவர்களும், சர்க்கரை நோய் உள்ளவர்களும் மூன்றாவது மேசையில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள். ஃபிப்-4 கணக்கை நாங்கள் போட்டுச் சொல்கிறோம். முடிவைத் தனியாக உங்கள் கையில் மட்டும்தான் கொடுப்போம், மைக்கில் யார் பெயரும் வராது.

ஆட்டோ அண்ணன் எங்கே? அதோ, மூன்றாவது வரிசையில் சிரிக்கிறார். அண்ணே, முதல் டோக்கன் உங்களுக்குத்தான். போகும்போது அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிவந்துவிடுங்கள்.